அவள் கைக்குத்தான் ஓடும் மோட்டார்

அந்த அடுக்கு வீட்டில் அவளுக்கு மோட்டாரக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. காலையிலும் மாலையிலும் கீழ்த்தொட்டித் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும், படிகளைக் கூட்ட வேண்டும், கேட்டைப் பூட்ட வேண்டும். இதற்குச் சம்பளம் கொஞ்சம். படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை. சம்பளத்தை விட அந்த அறைதான் அவளுக்குப் பெரிது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த கணவன் அங்கேதான் படுத்துக் கிடந்தான். மாடி வீடு என்றால் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறுவது யார்?

ஆனால் போன வருடமே குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு பெட்டி வாங்கி வந்தார். மேல்தொட்டி காலியானால் மோட்டாரைத் தானே போடும், நிறைந்தால் தானே நிறுத்தும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர்; கெட்டவர் என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் எழுந்து, "இது வந்துட்டா மோட்டார் போடறதுக்குன்னு ஆள் வேண்டாம். கூட்டறதுக்கு வெளியிலிருந்து ஒரு பொண்ணு வந்துட்டுப் போனாப் போதும்" என்றார், அவ்வளவுதான். பின்வரிசையில் நின்றிருந்த மோட்டாரக்கா படிக்கட்டு அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பெட்டியை மாட்டினார்கள். மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியதே தவிரச் சுற்றவில்லை. சற்று நேரத்தில் பிரேக்கர் விழுந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி முனகல். மாட்ட வந்தவன், "மோட்டார் பழசு சார், இதுக்குச் சரிப்படாது" என்று கைகழுவிவிட்டுப் போனான். பெட்டி செயலாளர் வீட்டுப் பரணுக்குப் போயிற்று.

மோட்டாருக்கு என்ன கேடு என்று மோட்டாரக்காவுக்குத் தெரியும். சொல்லப்போனால் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பெட்டி வருவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே அது தானாகக் கிளம்புவதில்லை. சுவிட்சைப் போட்டதும் அவள் குனிந்து, பின்பக்க மூடியின் இடுக்கில் நீளமான ஸ்குரூடிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் விசிறியை அம்புக்குறி காட்டும் பக்கமாக ஒரு தட்டு தட்டுவாள். உடனே பிடித்துக்கொண்டு ஓடும். எதிர்ப்பக்கம் தட்டினால் தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் சரியாக ஏறாது. அதையும் அவளே ஒரு நாள் பட்டுத் தெரிந்துகொண்டாள். இப்படித் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் கெபாசிட்டர் பலவீனம் என்று மின்சாமான் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். மோட்டாருக்கு முதல் உந்தலைக் கொடுக்கும், கைக்கு அடங்குகிற சின்னச் சாமான். மாற்றினால் தீர்ந்தது.

முதலில் அவள் சொல்லாததற்குச் சோம்பல்தான் காரணம். பெட்டி தோற்றுப் போன நாளிலிருந்து காரணம் வேறு. மோட்டார் சரியானால் பெட்டி பரணை விட்டு இறங்கும், பெட்டி இறங்கினால் இவள் அறையை விட்டு இறங்க வேண்டியதுதான். வாயே திறக்கவில்லை. "எங்க மோட்டார் அக்கா கைக்குத்தான் ஓடும்" என்று குடித்தனக்காரர்கள் கேலி பேசினால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பிறகு கீழ்த்தொட்டியில் கசிவு என்று சிமெண்ட் பூசினார்கள். வேலை முடியும்வரை லாரித் தண்ணீரை நேராக மொட்டைமாடிக்கே ஏற்றினார்கள். மோட்டார் ஈரத்தோடு சும்மா கிடந்தது. பூச்சு காய்ந்து கீழ்த்தொட்டி நிறைந்ததும் மோட்டாரக்கா சுவிட்சைப் போட்டாள். முனகல். ஸ்குரூடிரைவரை விட்டுத் தட்டினாள். விசிறி அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள், ஊஹூம். முனகல் கனத்து, சூடேறிய வார்னிஷ் நாற்றம் வந்ததும் பதறிப்போய் அணைத்தாள். அவள் கைக்கும் ஓடாத மோட்டாரைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மெக்கானிக் மறுநாள் வந்தான். அவளை விட வயதில் சிறியவன், அதிகம் பேசாதவன். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பின்மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றப் பார்த்தான்.

"இறுகிப் போச்சுக்கா. இம்பெல்லர் பிடிச்சிருக்கு."

முன்பக்கத்துப் போல்ட்டுகளைக் கழற்றி உறையைப் பிரித்தான். தண்ணீரை வீசித் தள்ளும் அந்த வட்டச் சக்கரத்தைச் சுற்றித் துரு அடைந்திருந்தது. நடுவே பூச்சுவேலையின் சிமெண்ட் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. சுரண்டினான், கம்பித் தூரிகையால் தேய்த்தான், கழுவினான். சக்கரம் விரலால் தொட்டதும் சுழன்றது. உறையை மூட்டித் தண்ணீர் ஊற்றி நிரப்பினான்.

"போடுங்கக்கா."

அவள் போட்டாள். மோட்டார் முனகியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வினை. யோசிக்கவே இல்லை அவள். பழகின கை அது பாட்டுக்கு ஸ்குரூடிரைவரை எடுத்து விசிறியை ஒரு தட்டு தட்டியது. மோட்டார் ஓடியது. குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

மெக்கானிக் மோட்டாரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். சுவிட்சை அணைத்து, மெயினையும் இறக்கினான்.

"எவ்வளவு நாளா இப்படித் தட்டறீங்க?"

குட்டு உடைந்துவிட்டது. மழுப்பிப் பயனில்லை. படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, பெட்டிக் கதையிலிருந்து கணவன் இடுப்பு வரை காதும் காதும் வைத்தாற்போல் சொல்லி முடித்தாள்.

"கெபாசிட்டரை மட்டும் விட்டுடுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சக்கரம்தான் பிடிச்சிருந்துச்சுன்னு சொல்லிடுங்க."

அவன் கெபாசிட்டரின் இரண்டு முனைகளையும் பிடி போட்ட கம்பியால் தொட்டு மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு மீட்டரை வைத்தான். அதன் மேல் எழுதியிருந்த அளவில் பாதிகூட இல்லை.

"நான் என்னக்கா பண்றது? ஒரு நாள் நீங்க இல்லாதப்போ யாராவது போட்டா உள்ள இருக்கிற வைண்டிங் கம்பி எரிஞ்சு மோட்டாரே போயிடும். அதுகூடப் பரவாயில்ல. மூடி கழண்டிருக்கும்போது கையை விடறீங்க. விரல் போனா வருமா?"

"விரல் போனாப் போகட்டும். வீடு போச்சுன்னா அவரை எங்க கொண்டு போய்ப் போடுவேன்?"

புதுக் கெபாசிட்டரைப் பையிலிருந்து எடுத்தவன் மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தான். அப்போது மூன்றாம் மாடிப் பெண் இறங்கி வந்தாள். தோளில் பச்சைக் குழந்தை, மறு கையில் காலி வாளி. பிரசவத்துக்குப் பிறகு இன்னும் நிமிர்ந்து நடக்கவில்லை.

"அக்கா, தண்ணி வந்துடுமா? துணியெல்லாம் அப்படியே கிடக்கு. நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் இருக்கேன்."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் மோட்டாரக்கா. இப்படிச் சொன்னால் யாரால் தாங்க முடியும்? தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. வாளியை வாங்கிக் கீழ்த்தொட்டியில் மொண்டு, மூன்றாம் மாடிவரை தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"மாட்டிடுங்க தம்பி."

"யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"மாட்டிடுங்க."

மாட்டினான், மூடியை முடுக்கினான். சுவிட்சைத் தொட்டதும் மோட்டார் முனகாமல் கிளம்பியது. சத்தம் கேட்டுச் செயலாளர் இறங்கி வந்தார்.

"என்னப்பா, பட்டுன்னு எடுக்குதே! என்ன கோளாறு?"

"சக்கரம் துருப்பிடிச்சு இறுகியிருந்துச்சு சார். கெபாசிட்டரும் போச்சு. ரெண்டும் பார்த்தாச்சு." தட்டிய கதையை அவன் சொல்லவில்லை.

"அப்போ அந்தப் பெட்டி இப்போ வேலை செய்யுமா?"

மெக்கானிக் கருவிகளைப் பையில் அடுக்குவதில் மும்முரமாக இருந்தான். செயலாளர் மோட்டாரக்காவின் பக்கம் திரும்பினார்.

"செய்யும் சார்" என்றாள் அவள். "தாராளமா செய்யும்."

அன்றே மாட்டினார்கள். மொட்டைமாடித் தொட்டிக்குள் மிதவையைத் தொங்கவிட அவள்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த மாத முதல் தேதிக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி செயலாளர் தன்மையாகச் சொன்னார். அவ்வளவு தன்மையாகச் சொன்னதில் அவளுக்குச் சண்டை போடக்கூட ஒரு பிடி கிடைக்கவில்லை.

சாயங்காலம் கணவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடத் தொடங்கியது.

அவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். "சத்தம் சுத்தமா இருக்கே. நல்லாப் பார்த்திருக்கான் அந்தப் பையன்."

"ஆமா, நல்லாப் பார்த்திருக்கான்."

"நீ இங்கதானே உட்கார்ந்திருக்க, யார் போட்டது?"

அவள் அடுத்த கவளத்தைப் பிசைந்தாள். "வாயைத் திறங்க" என்றாள்.