அட்டையில் வராத பெண்

என் கர்ப்பகால அட்டையின் முதல் வரியில் ஜி3 பி1 எல்1 ஏ1 என்று இருந்தது. நான் எட்டாவது வரைதான் படித்தேன். அந்த வரியை மட்டும் நன்றாகப் படிப்பேன்.

எழுதியது எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்து நர்சம்மா. மூன்றாவது மாதம் பதிவு செய்யப் போனபோது மாமியார் கூட வந்தார்கள்.

"வயித்துல ஒண்ணு இருக்கும்போது போனத பத்தி வாயத் தொறக்காத. ஆவாது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

போனது என் மகள். முதல் பிரசவத்தில் இரட்டை. பையன் அழுதான், அவள் அழவில்லை. அது கடலூர் பக்கம் அம்மா வீட்டில் இருந்தபோது நடந்தது. அந்த அட்டையும் அங்கேயே போய்விட்டது.

"இதோட எத்தினி தடவ உண்டாயிருக்க?" என்றார் நர்சம்மா.

"மூணு."

"பிரசவம்?"

"ஒண்ணு."

"உசுரோட?"

"ஒண்ணு. பையன்."

"கலைஞ்சது?"

"ஒண்ணு. பத்து வாரத்துல."

"இன்னாடி, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ண மாரி டக்குடக்குன்னு சொல்ற?" என்று சிரித்தார். "மொத பிரசவம் சுகப்பிரசவம்தான? தொந்தரவு ஒண்ணும் இல்லியே?"

நான் மாமியாரைப் பார்த்தேன். "ஒரு கொறையும் இல்லம்மா" என்றார்கள் அவர்கள்.

நான் சொன்ன நாலு எண்ணில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஜி என்றால் உண்டானது, இதோடு மூன்று. இரட்டை பிறந்தாலும் பிரசவம் ஒன்றுதான், பி ஒன்றுதான். எல் என்பது உயிரோடு இருக்கிற பிள்ளை. அதுவும் ஒன்று. பார்க்கிறவர்களுக்கு ஒரு பிரசவம், ஒரு பிள்ளை, குறை ஒன்றும் இல்லை. பத்து வாரத்தில் போனதற்கு ஏ என்று ஓர் எழுத்து இருந்தது. எட்டு மாதம் நான் சுமந்த மகளுக்கு இல்லை.

ஏழாவது மாதம் கால் வீங்கியது. தலைவலி தாங்கவில்லை. பிரஷர் பார்த்த நர்சம்மா உடனே ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்கவைத்த பிறகு ஒரு சின்ன வயது டாக்டரம்மா அட்டையோடு வந்தது. பழையபடி எல்லாம் கேட்டது. கடைசியில், "பையன் பொறக்கும்போது எத்தனை கிலோ?" என்றது.

"ஒன்னரை."

பேனா நின்றது. "நிறை மாசமா?"

"இல்ல."

"எந்த வாரம்? ஏன் முன்னாடியே பொறந்தான்?"

மாமியார் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். "கூட ஒண்ணு இருந்துது" என்றேன்.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியது. பிறகு பெரிய டாக்டர் வந்ததும் நின்றபடி படித்தது. அதில் பாதி இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது இவ்வளவு: "ஜி3 பி1 எல்1 ஏ1, முப்பது வாரம். முதல் தடவை ரெட்டை. முப்பத்திமூணு வாரத்துல பிரஷர் ஏறி, வலி வரவெச்சு பிரசவம். முதல் குழந்தை ஆண், ஒன்னரை கிலோ, உயிரோட இருக்கான். ரெண்டாவது பெண், இறந்து பொறந்தது. அடுத்தது பத்து வாரத்துல தானா கலைஞ்சிருக்கு."

பெண் என்று அவளை வெளியாள் ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். "போன தடவ பிரஷர் இருந்தது தெரிஞ்சிருந்தா மூணு மாசம் முடிஞ்சதும் ஒரு சின்ன மாத்திரை ஆரம்பிச்சிருப்போம். அடிக்கடி வரச்சொல்லிப் பாத்திருப்போம்."

"அது போட்டிருந்தா வந்திருக்காதா சார்?"

"வராதுன்னு சொல்ல முடியாதும்மா. கொறையறதுக்கு வாய்ப்பு உண்டு."

மறுநாள் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இதுவும் பெண். எடை ஒரு கிலோவுக்குக் கீழே. நாலு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். இரண்டு முறை காலைத் தொடவிட்டார்கள். என் சுண்டுவிரல் அளவுதான் பாதம்.

புதைத்துவிட்டு வந்த மாமியார் கட்டில் பக்கத்தில் நின்றார்கள். "நாந்தான உன் வாய அடச்சேன்" என்றார்கள்.

மூடிக்கொண்டது நான்தான். வாய் என்னுடையது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் பி2 எல்1 ஏ1 என்று இருந்தது. இப்போது கணக்கு இடிக்கிறது. பிரஷர் பார்க்க எங்கே போனாலும் தாளைப் புரட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

"பிரசவம் ரெண்டு, பிள்ள ஒண்ணுன்னு போட்டிருக்கே. ஒரு கொழந்த இன்னா ஆச்சு?"

"ஒண்ணு இல்ல சிஸ்டர். ரெண்டு" என்கிறேன். "ரெண்டும் பொண்ணு. எழுதிக்குங்க."