நானூறு அடியில் இருந்தேன்

அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதைச் செப்பனிடுவது என் வேலை. சேலத்தில் உள்ள ஒரு சின்னப் பதிப்பகம் அனுப்பும் கைப்பிரதிகள்தான் பெரும்பாலும் வரும். போன கோடையில் வந்தது, போர்வெல் வண்டியில் முப்பது வருடம் ஓடிய ஒருவரின் வாழ்க்கைக் கதை. ராசிபுரம் பக்கத்து ஆள். கோடு போட்ட நோட்டில் எழுதியதை யாரோ தட்டச்சு செய்து கொடுத்திருந்தார்கள்.

நாலாம் அத்தியாயத்தைப் படித்த மத்தியானம் மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. வெயிலில் ஏற்காட்டு மலை கரைந்து, வானத்தின் நிறமாகவே ஆகியிருந்தது. அதில் இப்படி ஒரு வரி: "மகள் பிறந்தபோது நான் நானூறு அடியில் இருந்தேன்."

மனிதர் பூமிக்குள் இருந்தாரா என்று வாசகர் குழம்புவாரே என்று நினைத்தேன். திருத்தினேன்: "நாங்கள் தோண்டிய ஆழ்குழாய்க் கிணறு நானூறு அடியை எட்டியிருந்தபோது என் மகள் பிறந்தாள்." அத்தியாயம் முழுக்க இப்படியே போனேன். ஒரே பத்தியில் இரண்டு ஆட்களுக்கும் 'அவன்' என்று வந்த இடத்தைப் பிரித்தேன். அரைப் பக்கம் நீண்ட வாக்கியத்தை மூன்றாக உடைத்தேன். எல்லாத் திருத்தமும் சிவப்பில் தெரியும்படி அச்செடுத்து அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து அவரே நேரில் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் அந்தத் தாள்கள்.

"படிச்சேனுங்க அம்மணி. நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுல நான் இல்லீங்களே."

அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "எந்த இடத்துலங்கண்ணா?"

அவர் அந்த வரியில் விரலை வைத்தார். "எங்க வண்டியில மணி எத்தனைன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எத்தனை அடியில இருக்கீங்கன்னுதான் கேப்பாங்க. இருநூறு அடியில சாப்பிட்டோம், ஐநூறு அடியில மழை வந்துச்சுன்னுதான் சொல்லுவோம். எங்களுக்கு நேரமே அதுதானுங்க."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். புரியாத வரி என்று நான் அடித்தது அவருடைய கடிகாரத்தை. அவர் பேசப் பேச, ஒரு பகல் முழுவதும் துளையிடும் இரும்புக் கம்பிகளோடு மண்ணுக்குள் ராடு ராடாக இறங்கிப் போவது போலிருந்தது.

"இப்ப சொன்னதை அப்படியே அத்தியாயத்தோட ஆரம்பத்துல வெச்சுக்கலாங்களா? அப்புறம் உங்க வரியை நான் தொட மாட்டேன்."

"வெச்சுக்குங்க."

'அவன்' குழப்பத்தைத் தீர்த்ததை அவரே சரி என்றார். உடைத்த நீள வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இரண்டாவது முறிவில் அவருக்கு மூச்சு இடறியது. அங்கே மட்டும் மறுபடி சேர்த்தோம்.

பிறகு, நான் கைவைக்காமல் விட்டிருந்த ஒரு வரிக்கு வந்தோம். மகள் பிறந்த சேதி கேட்டதும், "ஆனந்தக் கடலில் ஆழ்ந்து மெய்சிலிர்த்தேன்" என்று எழுதியிருந்தார். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் படிக்கும்போது வேறு யாரோ அறைக்குள் வந்து நின்றது போலிருந்தது.

"இது நீங்க சொல்ற மாதிரி இல்லீங்களே?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "பொஸ்தகம்னா அப்படித்தான் எழுதோணும்னு நெனச்சேனுங்க."

"அன்னைக்கு நெசமா என்ன பண்ணீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் மலைச் சாலையில் போய்க்கொண்டிருந்தன.

"ஆந்திரா பக்கம் ஒரு வெவசாயக் காடுங்க. தோட்டத்துக்காரரு ஊட்டுக்குத்தான் போன் வந்துச்சு. என் கையெல்லாம் சேறு. அந்த ஊட்டம்மா ரிசீவரை என் காதுல புடிச்சுக்கிட்டு நின்னாங்க. பொண்ணுன்னாங்க. திரும்பி வந்து, ராடைக் கொஞ்சம் மேல தூக்கிட்டு, மண்ணை வெளிய தள்ளுற மெஷின் காத்தை நிறுத்துனேன். ஏண்டா நிறுத்துனேன்னு வண்டி முதலாளி கேட்டாரு. சுத்தி எல்லாம் வெள்ளையாப் புழுதி. அது அப்படியே இறங்கி எல்லா மேலயும் உக்காந்துச்சு. அந்த வருசத்துலயே அன்னைக்குத்தான் குருவிச் சத்தம் கேட்டேன்."

அவர் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டேன். எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டிய இடங்களில் விகுதிகளை மாற்றி, அவருக்கே படித்துக் காட்டினேன். 'வெள்ளையாக' என்பதற்கு முன்னால் நான் சேர்த்திருந்த 'பனிபோல்' என்பதை அடிக்கச் சொன்னார். "நான் பனியைப் பாத்ததில்லீங்க." அடித்தேன்.

மெய்ப்பை அவருக்கு அனுப்பியிருந்த நேரத்தில் ஒரு பெண் போன் செய்தார். நாமக்கல்லில் டீச்சராக இருக்கிறாராம். போர்வெல்காரரின் மகள்.

"நாலாவது அத்தியாயம் படிச்சேனுங்க. எனக்காக மெஷினை நிறுத்துனதை அப்பா ஒருநாளும் சொன்னதே இல்லைங்க," என்றார். பிறகு ஏதோ கேட்க வந்து, நிறுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.