கணக்கில் வராத மௌனம்

விதுஷாவுக்குத் திக்குவாய். உக்குவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கும் புஷ்பவதியின் மகள். ஆறாம் வகுப்பில் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து விடை தெரிந்தாலும் அவள் கை தூக்கியதில்லை. உயர்தர வகுப்புக்கு வந்து, கணிதப் பிரிவில் நல்ல புள்ளிகள் வாங்கியபோதும் வகுப்பில் வாய் திறக்கமாட்டாள்.

ஒரு மழைநாளில், பள்ளி விட்ட பிறகு கணித மன்றத்துக்கு ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். மபாஸா டீச்சர் அவர்களை வட்டமாக உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். ஒவ்வொருவர் நெற்றியையும் ஈரவிரலால் தொட்டார். சிலருக்கு வெறும் தண்ணீர், சிலருக்குச் சேறு.

கண்ணைத் திறந்ததும் விதுஷா பார்த்தாள். ஹுஸ்னி நெற்றியில் சேறு, ஜெஸ்லா நெற்றியில் சேறு. மற்ற இருவரும் சுத்தம். தன் நெற்றி தனக்குத் தெரியாது.

"ஒருத்தருட நெத்தியிலயாவது சேறு இரிக்கி," என்றார் டீச்சர், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் கை தட்டுவேன். தன்ட நெத்தியில சேறுன்னு நிச்சயமாத் தெரிஞ்சவங்க மட்டும் அந்த நேரமே கை தூக்கணும். பேசக் கூடாது, சைகையும் கூடாது."

முதல் தட்டல். யாரும் தூக்கவில்லை. இரண்டாவது தட்டல். யாரும் தூக்கவில்லை.

மூன்றாவது தட்டலுக்கு ஒரு கை மட்டும் உயர்ந்தது. விதுஷாவின் கை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹுஸ்னி முகத்தில் இலேசான சிரிப்பு. "எப்பிடி?" என்று கேட்டார் டீச்சர்.

விதுஷா எழுந்தாள். முதல் சொல்லே வரவில்லை. டீச்சர் காத்திருந்தார்.

"எ... என் நெத்தி சுத்தம்னு வச்சுக்குவோம், டீச்சர். அப்ப ஹுஸ்னி ஜெஸ்லாட சேற்ற மட்டுந்தான் பார்ப்பாரு. ஜெஸ்லா சேறே பாக்கலைன்னா, மொத தட்டலுக்கே அது தன்னோடதுன்னு கை தூக்கியிருப்பா. தூக்கல. அப்ப அவ இன்னொரு சேற்றப் பாக்குறா, அது தன்னோடதுதான்னு ஹுஸ்னி ரெ... ரெண்டாவதுல கை தூக்கியிருப்பாரு. ஜெஸ்லாவும் அப்பிடியே. ரெண்டு பேருமே தூக்கல. அதனால என் நெத்தியிலயும் சேறு இருக்கு."

சொல்லி முடிக்க வெகுநேரமாயிற்று. சிரித்துக்கொண்டிருந்த ஹுஸ்னி தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி," என்ற டீச்சர் அவன் பக்கம் திரும்பினார். "ஒன்ட நெத்தியிலயும், ஜெஸ்லாட நெத்தியிலயும் சேறு இரிக்கி. நீங்க ரெண்டு பேரும் ஏன் தூக்கல்ல?"

ஹுஸ்னி தயங்கினான். "விதுஷா தெரிஞ்சாலும் கை தூக்குறல்ல, டீச்சர். அவ சும்மா இரிக்கிறத வச்சு என்னத்த முடிவெடுக்கிற?"

ஜெஸ்லாவும் மெதுவாகத் தலையாட்டினாள்.

அந்த வார்த்தை விதுஷாவைச் சுட்டது. ஆனால் பொய்யில்லை. அவள் அவர்களுடைய மௌனத்தை நம்பிக் கணக்குப் போட்டாள். அவளுடைய மௌனத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஜெஸ்லாதான் பேச்சை மாற்றினாள். "டீச்சர், சேறு இரிக்கிறது எல்லாருக்கும் கண்ணால தெரியும் தானே? நீங்க ஏன் அத வாயால செல்லணும்?"

"ஒனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியும்கிறதும் ஒனக்குத் தெரியும். ஆனா, ஒன்ட நெத்தி சுத்தம்னு நெனச்சுப் பாரு. அந்த நெனப்புல ஹுஸ்னி, தானும் சுத்தமோன்னு யோசிப்பான். அவன்ட யோசனையில வாற விதுஷா ஒரு சேற்றையும் பாக்கமாட்டா. நான் செல்லாட்டி அவளுக்கு ஒன்டுமே தெரியாது. அப்ப முதல் மௌனத்துக்கு அர்த்தமே இல்ல. எல்லாருக்கும் முன்னால செல்லிட்டதால, அந்த யோசனைக்குள்ள இரிக்கிற விதுஷாவுக்கும் தெரியும். அதுக்குப் பொறகுதான் ஒவ்வொரு மௌனமும் ஒவ்வொரு செய்தி."

விதுஷா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள். "இனிமே தெ... தெரிஞ்சா கை தூக்குவேன்."

டீச்சர் எல்லோரையும் முகம் கழுவிவரச் சொன்னார். மறுபடி கண்ணை மூடவைத்தார். இம்முறை விதுஷா உட்பட நால்வருக்குச் சேறு. ஹுஸ்னி மட்டும் சுத்தம். எல்லோரும் கண்ணைத் திறந்ததும், ஒருவர் நெற்றியிலாவது சேறு இருக்கிறது என்பதை டீச்சர் மறுபடியும் உரக்கச் சொன்னார்.

முதல் தட்டல், இரண்டாவது, மூன்றாவது. வெளியே மழை மட்டும் கேட்டது. நான்காவது தட்டலுக்கு நான்கு கைகளும் ஒன்றாக உயர்ந்தன. தன் நெற்றி சுத்தமென்று அப்போதுதான் ஹுஸ்னிக்குத் தெரிந்தது.

திக்குவாய் போகவில்லை. அந்த வருடம் முழுக்க வகுப்பில் அவள் சிரமப்பட்டுத்தான் பேசினாள். சில நாட்களில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆனால் கடினமான கணக்கு வரும்போது அவள் சும்மா இருந்தால், அவளுக்கும் விடை தெரியவில்லை என்றே மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் கணக்கை முதலிலிருந்து பார்த்தார்கள்.