கிரில் கதவுக்கு உள்ளே இருந்தவர்

"நெஞ்சு வெடித்தது" என்று எழுதியிருந்தேன். அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். "குமுறினேன்", வட்டம். "சொல்ல முடியாத வேதனை", வட்டம். "அந்த அவமானம் இன்றும் என்னைச் சுடுகிறது" என்ற வரிக்கு மட்டும் இரண்டு வட்டம். பக்கத்தைப் பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மாடியில் இந்த வட்டங்களைப் போட்ட பதிப்பகம். நடத்துகிறவள் என் மகள் வயதுப் பெண். எங்களைப் போன்ற பெண்களின் வாழ்க்கைக் கதைகளைப் புத்தகமாகப் போடுகிறாள். என் புத்தகத்தில் அவளுக்கு எல்லாம் பிடித்திருந்தது, இந்த ஓர் அத்தியாயத்தைத் தவிர. நான் பாலர் பள்ளியில் காலம் முழுக்கப் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்தியவள். என் எழுத்தை இன்னொருத்தி திருத்துவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது என் அப்பாவப் பத்தின அத்தியாயம். இதுல கை வைக்காதம்மா" என்றேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எல்லா அழுகையும் நீங்களே அழுதுட்டீங்க லா. படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல. அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?"

"அதான் எழுதியிருக்கேனே. மாமியார் என் அப்பாவ அவமானப்படுத்தினாங்க."

"அது நீங்க சொல்ற தீர்ப்பு. நடந்தத எனக்குக் காட்டுங்க. அப்பா எங்க நின்னாரு? கையில என்ன இருந்துச்சு? யாரு என்ன பேசினாங்க?"

சொன்னேன். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். கிள்ளானில் மாமியார் வீடு. அன்று மாலை நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்த நேரம் பார்த்து, ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் என் அப்பா, முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நிற்கிறார். மாமியார் அவரை உள்ளே விடவில்லை. கிரில் கதவுக்கு வெளியே நின்று பேசிவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

"கிரில் பூட்டியிருந்துச்சா?"

"பூட்டித்தான் இருந்துச்சு."

"சாவி எங்க?"

"டிவி மேல. எப்பவும் அங்கதான் இருக்கும்."

"டிவிக்குப் பக்கத்துல யாரு இருந்தா?"

வட்டம் போட்ட தாள்களை அடுக்கிக் கைப்பைக்குள் வைத்தேன். எனக்கு மறந்துபோகவில்லை. தெளிவாகத் தெரிந்தது.

டிவிக்கு முன்னால் என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்குப் போய் எழுதுங்க அக்கா. எல்லாத்தையும் காட்சியா ஆக்க வேணாம். நாத்தனார் கல்யாணம், அப்புறம் போன வருஷங்க, இதெல்லாம் சும்மா ரெண்டு வரியில சொல்லிட்டுப் போகலாம். ஆனா அந்தக் கதவுகிட்ட மட்டும் அவசரப்படாதீங்க. ஞாபகம் இல்லாத பேச்ச இட்டுக்கட்டவும் வேணாம்" என்றாள்.

கோமுட்டர் ரயிலில் கிள்ளான் வரும்வரை அந்தச் சாவியையே நினைத்துக்கொண்டு வந்தேன். அத்தனை வருஷம் மாமியாரை மட்டுமே திட்டித் தீர்த்திருக்கிறேன். அவர் செத்த பிறகும் விட்டேனா? இல்லை. "மாமியார் கொடுமை" என்று ஒரு பெயர் வைத்துவிட்டால், கதையில் வேறு யாரும் இருந்தார்களா என்று எவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. "வேதனை, வேதனை" என்று எழுதிக்கொண்டே போனதில் அந்த அறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதே தெரியாமல் போயிருக்கிறது. ஒரு பொடிப் பெண் சாவியைப் பற்றிக் கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கையால்தான் எழுதுவேன். லேப்டாப்பில் தட்டித் தருகிறவர் என் கணவர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், விரல்கள் பறக்கும். அந்த அத்தியாயத்தின் முதல் வடிவத்தைத் தட்டும்போது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க அப்பா பாவம்மா" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. எவ்வளவு நல்ல மனுஷன் என்று ஒரு தேநீர்கூடக் கலக்கிக் கொடுத்தேன்.

புதிதாக இப்படி எழுதினேன்:

*அப்பா தோளில் ஒரு பலாப்பழம் வைத்திருந்தார். கோணியில் சுற்றியிருந்தது. மாமியார் கிரிலுக்கு உள்ளே நின்று, "இப்பதான் தரையத் தொடச்சிருக்கு, ஆளுங்க வர்ற நேரம்" என்றார். "சரிங்க, சரிங்க" என்றார் அப்பா. பழத்தை இறக்கி, கம்பிகளுக்கு நடுவே கொடுக்கப் பார்த்தார். நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தார். படுக்க வைத்துப் பார்த்தார். பிறகு செருப்புத் தட்டின் மேல் வைத்துவிட்டு, கைப் பிசினைத் தன் சட்டையிலேயே துடைத்தார். "சாவிய எடுக்கட்டுமா அத்தை" என்றேன். மாமியார் நகரவில்லை. நான் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தேன். கிண்ணமும் கம்பிக்குள் போகாது. அதனால் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ரா போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி நீட்டினேன். கடையில் வாங்கியதைப் போல என் அப்பா என் வீட்டு வாசலில் நின்று குடித்தார். "இனிப்பு சரியா இருக்கும்மா" என்றார். என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியின் மேல் சாவி இருந்தது. அவர் எழுந்தார். சாவியைப் பார்த்தார். டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.*

கடைசியில், "என் உள்ளம் உடைந்து சிதறியது" என்று எழுதியிருந்ததை நானே அடித்தேன். அடிக்கும்போது தாள் கிழிந்தது. அவ்வளவு கோபம்.

தாள்களை என் கணவரின் மேசையில் வைத்தேன். படிக்கட்டும், படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மறுநாள், "தட்டி அனுப்பிட்டேன்" என்றார். அவ்வளவுதான். வழக்கம்போல பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தார்.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனபோது அந்தப் பெண் தயங்கினாள்.

"அக்கா, பலாப்பழம், தேத்தண்ணிப் பை எல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா இந்த இடம்தான்..."

திரையை என் பக்கம் திருப்பினாள். படித்தேன். "அன்று கிரில் சாவியைக் காணவில்லை. என் கணவர் வேலைக்குப் போயிருந்தார்."

நான் எழுதாத இரண்டு வரி. நாற்காலி இல்லை, பந்து விளையாட்டு இல்லை, டிவி சத்தம் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் ஒரு முழு மனுஷனையே, அதுவும் தன்னையே மறைத்திருந்தார்.

"சாவி டிவி மேல இருந்துச்சுன்னு நீங்க சொன்னீங்களே" என்றாள்.

"இருந்துச்சு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. "இதை அச்சுக்கு அனுப்பிடாத. நான் போய்ட்டு வரேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட இறக்கவில்லை. அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீங்க வேலைக்குப் போயிருந்தீங்களா?"

முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "உக்காரும்மா, உக்காந்து பேசலாம்" என்றார்.

"வேலைக்குப் போயிருந்தீங்களான்னு கேட்டேன்."

"ஊரே படிக்கும்மா. பேரப் பிள்ளைங்க படிக்கும். எங்க அம்மாவப் பத்தி எழுதினதுக்கு நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"எப்படிச் சொல்வீங்க? அவங்க ஒருத்தர் தலையிலயே எல்லாம் விடிஞ்சா உங்களுக்கு வசதிதானே? பெத்த தாய மாட்டிவிட்டுட்டு நீங்க நல்ல பிள்ளையா என் பக்கத்துல உக்காந்து கண்ணத் தொடச்சீங்க!"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப எனக்கு என்ன வயசு? அம்மா பேச்ச மீற முடியுமா? உங்க அப்பா வந்தது எனக்குச் சரியா கேக்கக்கூட இல்ல. டிவி சத்தம்..."

"சத்தத்தக் கூட்டினதே நீங்கதான்!"

பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன். கத்தினேன், வெட்கப்படவில்லை. என் அப்பா செத்து எத்தனையோ வருஷமாகிறது. அந்த நாளுக்குப் பிறகும் அவர் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம், "பஸ் சரியில்லம்மா" என்பார். அவர் அந்த வாசலில் நின்றார் என்பதற்கு என்னைத் தவிர இன்று வேறு சாட்சி இல்லை. இருந்த இன்னொரு சாட்சி தன்னை வேலைக்கு அனுப்பிக்கொண்டுவிட்டார்.

லேப்டாப்பை எடுத்து வந்து வெங்காயத் தோலுக்கு நடுவே வைத்தேன். "நான் சொல்றேன், தட்டுங்க" என்றேன்.

தட்டினார். நாற்காலி வந்தது. பந்து விளையாட்டு வந்தது. "அவர் எழுந்தார். சாவியைப் பார்த்தார்" என்றேன். விரல்கள் நின்றன.

"பார்க்கலம்மா."

"பார்த்தீங்க. நான் உங்களப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

தட்டினார். சத்தத்தைக் கூட்டியதையும் தட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல், கெஞ்சுகிற குரலில் கேட்டார்: "ஒரே ஒரு வரி சேத்துக்கவா? 'அவர் மனதுக்குள் மிகவும் வருந்தினார்'னு. பொய் இல்லம்மா. சத்தியமா அன்னிக்கு எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

இருந்திருக்கலாம். அது பொய் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன்.

"சேத்துக்கலாம்" என்றேன். "ஆனா வருந்தினதை அப்படியே எழுத முடியாது. வருந்தி என்ன செஞ்சீங்க? அதச் சொல்லுங்க, எழுதறேன். அப்பா பஸ்ஸுக்குப் போறப்ப பின்னால ஓடுனீங்களா? ராத்திரி எங்கிட்ட ஏதாச்சும் பேசினீங்களா? அடுத்த வாரம் ரவாங்குக்குப் போய்ப் பார்த்தீங்களா? எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல. ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசித்தார். நிஜமாகவே தேடினார். ஏதாவது ஒன்று கிடைத்துவிடாதா என்று, எனக்கே வெறுப்பாக இருக்க, நானும் அவரோடு சேர்ந்து தேடினேன்.

"ஒண்ணும் செய்யலம்மா" என்றார்.

"அப்ப அத்தியாயம் முடிஞ்சிருச்சு. அனுப்புங்க" என்றேன்.