முப்பத்தோராவது காட்சி

ஒரு மனிதனின் சாவைத் தாளிலிருந்து எடுத்துவிட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? படியெடுக்கத் தட்டச்சடித்த ஒரு ஸ்டென்சில் தாளை உருவிவிட்டு அடுத்த தாளின் இலக்கத்தை மாற்றியடிக்கப் பிடிக்கும் நேரம்தான். 1978ஆம் ஆண்டு திருகோணமலையில் அந்த வேலையைச் செய்யச் சொல்லி ஒரு பெண்ணைக் கேட்டார்கள். அவர் மறுத்தார்.

அவர் பெயர் இரத்தினேஸ்வரி. இருபது வயதில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் தட்டெழுத்தராகச் சேர்ந்தவர். இரண்டு வருடத்தில் தளத்தை ஒப்படைத்துவிட்டு வெள்ளைக்காரர் கப்பலேறினார்கள். ஆயிரக்கணக்கான பேரின் வேலையும் அவர்களோடு போயிற்று. இவர் கடைத்தெருவில் ஓர் அறையை எடுத்து, ஆங்கிலத்துக்கு ஒன்றும் தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு தட்டெழுத்து இயந்திரங்களை வைத்துக்கொண்டார். மனுக்கள், காணி உறுதிகள், கப்பற் கம்பனிக் கடிதங்கள் என்று இருபது வருடம் அடித்தார், மொழிபெயர்த்தார். சோதிடருக்கு விளம்பரம் அடித்துக்கொடுக்க மட்டும் மாட்டார். "பொய்க்கு நான் ரிப்பன் தேய்க்கிறேல்லை" என்பார்.

1978இல் கொழும்பிலிருந்து ஒரு சினிமாக் கம்பனி வந்தது. துறைமுகத் தொழிலாளரைப் பற்றிய படம். திரைக்கதை ஆங்கிலத்தில் இருந்தது. நடிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் இவ்வூர்ச் சுமைகாரர். அவர்களுக்குத் தமிழ்ப் பிரதி வேண்டும். தயாரிப்பு முகாமையாளர் அஸீம் தாள்கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

இரத்தினேஸ்வரி முதலில் கதையைப் படிக்கவில்லை. தாளின் அமைப்பைப் படித்தார். ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் இலக்கம். பிறகு உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா. அதன்கீழ் நடப்பது முழு அகலத்தில். பேசுகிறவரின் பெயர் தாளின் நடுவில், பெரிய எழுத்தில். பேச்சு அதன்கீழ், இருபுறமும் ஒடுங்கி. தமிழில் பெரிய எழுத்து ஏது? பெயரை நடுவில் அடித்து அடிக்கோடிட்டார். தமிழ் நீண்டு, பக்க எண்கள் ஆங்கிலப் பிரதியை விட்டு விலகின. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. காட்சி இலக்கம் மட்டும் ஓரிடத்திலும் விலகவில்லை.

முப்பத்தோராவது காட்சிக்கு வந்தபோதுதான் அவருடைய கை நின்றது.

31. வெளி. இறங்குதுறை – பகல்.

தேயிலைப் பெட்டிகளைத் தூக்கும் கயிறு அறுகிறது. கீழே சரக்குப் படகான வத்தையில் நின்றவன் நசுங்கிச் சாகிறான். மனைவி கப்பற் கம்பனித் துரையின் முன்னால் இத்துப்போன கயிற்றைப் போட்டுக் கேட்கிறாள்: "இது நல்ல கயிறு எண்டு கையெழுத்து வச்சது ஆர்?"

இது நடந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் செத்தவர் கனகரத்தினம். கேட்டவர் அவர் மனைவி கோணேஸ்வரி. கம்பனி சொன்ன பதில் "அவன்ர விதி". விசாரணையில் கயிற்றைப் பற்றி ஒரு சொல் எழுதப்படவில்லை. தன் கேள்வியைப் பத்துப்பேர் முன்னால் யாராவது கேட்கவேண்டும் என்பதற்காகவே கோணேஸ்வரி கதையைச் சினிமாக்காரருக்குக் கொடுத்தார். சுமைகாரர் சங்கத் தலைவர் பக்கீரும் அந்தக் காட்சி இருக்கும் என்ற வாக்கின் பேரில்தான் ஆட்களையும் வத்தைகளையும் தர ஒப்பினார்.

செத்தவனுக்கு ஆங்கிலப் பிரதியில் பெயர் இல்லை. "கூலி 2" என்றிருந்தது. இரத்தினேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தமிழில் மட்டும் பெயர் வைக்கவில்லை. எந்த நாளில் எவர் வரவேண்டும் என்ற பட்டியலை அந்தப் பெயர்களை வைத்துத்தான் போடுவார்கள். ஒரு பிரதியில் ஒன்றும் மற்றதில் வேறொன்றுமாக இருந்தால் அந்த மனிதனையே கூப்பிட மறந்துவிடுவார்கள். அஸீமைக் கூப்பிட்டார்.

"இவருக்கு ஒரு பேர் வையுங்கோ. இங்கிலீசிலயும் மாத்துங்கோ. ரெண்டிலயும் ஒண்டாய் இருக்கவேணும்."

"கூலிக்கு என்ன பேர் மிஸ்?"

"உங்களுக்கு ஆர் பேர் வச்சது? அதைப்போல ஒண்டு."

அஸீம் சிரித்துவிட்டார். இரண்டு பிரதியிலும் பெயர் ஏறியது.

இரண்டு வாரம் கழித்து அதே அஸீம் திருத்திய தாள்களோடு வந்தார். சிரிப்பு இல்லை. இறங்குதுறையில் படம்பிடிக்கக் கப்பற் கம்பனியின் அனுமதி வேண்டும். முப்பத்தோராவது காட்சி இருந்தால் அனுமதி இல்லை. ஆங்கிலத் தாளில் இலக்கம் அப்படியே இருந்தது. எதிரே "நீக்கப்பட்டது" என்ற ஒரே சொல்.

"தமிழ்ப் பிரதியில அந்த வரி வேணாம் மிஸ். முப்பத்திரண்டை முப்பத்தொண்டாக்குங்க. அப்படியே கீழே வரைக்கும்."

"ஏலாது."

"ஏன் ஏலாது? இலக்கம்தானே?"

"கமராவுக்கு முன்னால பிடிக்கிற பலகையில முப்பத்திரண்டு எண்டு எழுதுவியள். எங்கட ஆக்களின்ர கையில முப்பத்தொண்டு இருக்கும். சாமான் பட்டியல், உடுப்புப் பட்டியல், நாள் அட்டவணை எல்லாம் இங்கிலீசு இலக்கத்தில. நீக்கின காட்சியின்ர இலக்கத்தை வேற காட்சிக்குக் குடுக்கிறேல்லை. இது உங்கட தொழில் மிஸ்டர் அஸீம், என்ர இல்லை."

"சங்கத்து ஆக்கள் பாத்தா கேப்பாங்க மிஸ்."

"கேக்கட்டும்."

அஸீம் தபாற்கந்தோருக்குப் போய்க் கொழும்புக்கு ட்ரங்க் கோல் போட்டு இயக்குநரிடம் கேட்டார். இயக்குநர் எதையும் யோசிக்கவில்லை. தொழிற்பழக்கம் வாயைத் திறந்தது: "இலக்கத்தில் கைவைக்காதே, படப்பிடிப்பே குழம்பிவிடும்." அஸீம் திரும்பி வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"அடிங்க" என்றார்.

இரத்தினேஸ்வரி அடித்தார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஞாயிறு காலை சங்க மண்டபத்தில் பிரதியை வாசித்தார்கள். பெரும்பாலானோருக்கு எழுத்துத் தெரியாது, பக்கீர் வாசித்தார். எதை விடவேண்டும் என்று தெரியாததால் இலக்கம், உள், வெளி, பகல், இரவு, எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசித்தார். "இரவு எண்டு நீங்க சொல்லாட்டி எங்களுக்கு விளங்காதா பக்கீர் காக்கா?" என்று ஒருவன் நக்கலடித்தான்.

"பொத்துடா வாயை. எழுதியிருக்கு, வாசிக்கிறன். முப்பது. உள். துரையின் கந்தோர், பகல்." அதை முடித்துத் தாளைத் திருப்பினார். "முப்பத்தொன்று. நீக்கப்பட்டது."

 பின்வரிசையில் இருந்த கோணேஸ்வரி எழுந்தார்.

"என்னத்தை நீக்கினது, பக்கீரண்ணை?"

பக்கீர் அடுத்த தாளைப் பார்த்தார், முந்தின தாளைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற அஸீமைப் பார்த்தார். அஸீம் தலைகுனிந்துகொண்டார். யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் ஒரு வத்தையும் படத்துக்குப் போகவில்லை. ஒரு வாரம் பேசிப் பார்த்துவிட்டு, சினிமாக் கம்பனி வேறு துறைமுகத்துக்குப் போய்ப் படத்தை எடுத்தது, முப்பத்தொன்று இல்லாமல். கப்பற் கம்பனி தன் கடிதங்களை இரத்தினேஸ்வரியிடம் அனுப்புவதை நிறுத்தியது. கோணேஸ்வரியின் கேள்விக்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இது தோல்வி என்று சிலர் சொல்கிறார்கள். சுமைகாரர் பொய்யான பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் தோழன் செத்த இடத்தில் நின்று நடித்துவிட்டு வந்திருந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

முதற்பிரதியின் ஸ்டென்சில் தாள்கள் இரத்தினேஸ்வரியின் அலுமாரியில் இருக்கின்றன. முப்பத்தோராவது காட்சி இரண்டு பக்கம். கேட்பவர்களுக்கு ரோணியோ இயந்திரத்தில் படியெடுத்துக் கொடுக்கிறார். இறங்குதுறை இல்லாமலும் நடிக்கலாம். ஒரு மேசையும் இத்துப்போன கயிற்றுத் துண்டும் போதும். ஒரு படி வாங்குங்கள். உங்கள் சங்கத்தில், பாடசாலையில், சந்தியில் நடியுங்கள். ஆனால் முதலில் இலக்கத்தை உரக்க வாசியுங்கள்: முப்பத்தொன்று. வெளி. இறங்குதுறை. பகல்.