டவர் மேல் போட்ட பழி

புதுக்கோட்டையில் ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. டவுனில் இருந்த ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு, நோயாளிகளின் நேரம் குறிக்கும் மென்பொருளைச் செய்து கொடுத்தோம். குறித்த நேரம் மாறினால் நோயாளியின் கைப்பேசிக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். அந்தப் பகுதியை எழுதியவன் நான்.

நிரலைச் சோதிக்கும்போதெல்லாம் உண்மையான எஸ்எம்எஸ் அனுப்ப முடியாது. அதனால் அனுப்பும் சேவையின் இடத்தில் ஒரு மாற்று ஆளை நிறுத்துவோம். நான் நிறுத்தியது மாக் எனப்படும் போலி. 'இந்த எண்ணுக்கு இந்த வாசகத்தோடு ஒரு தடவை உன்னை அழைப்பார்கள், அழைத்தால் சரி என்று பதில் சொல்' என்று அதற்கு முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அப்படியே அழைப்பு வந்தது. சோதனைகள் எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி.

என் நிரலைப் பார்வையிட்டவள் என்னைவிட எட்டு வருடம் இளைய சக ஊழியை.

"அண்ணே, இது கூப்பிட்டோமான்னுதான் பாக்குது. மெசேஜ் போச்சான்னு பாக்கலையே. சின்னதா ஒரு ஃபேக், நிஜச் சேவை மாதிரியே நடக்கற ஒண்ணு, எழுதலாமா? நிஜச் சேவை எதை ஏத்துக்கும், எதை ஏத்துக்காதுன்னு அதுக்கும் தெரியும். ஏத்துக்கிட்டத ஒரு இன்பாக்ஸ்ல போட்டு வச்சுக்கும். நாம இன்பாக்ஸத் தொறந்து பாத்தாப் போதும்."

"அதுக்கு ரெண்டு நாள் ஆகும். மாக் போதும்," என்றேன். மற்றவர்கள் காதில் விழும்படி, "புதுசா எதையாவது படிச்சுட்டு வந்துருவாங்க," என்றும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வேறு வேலையாக அந்த மையத்துக்குப் போயிருந்தேன். கடற்கரை ஊரான கட்டுமாவடியிலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு அம்மா தன் கணவரைக் கூட்டி வந்திருந்தார். முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். இயந்திரம் ஒன்று பழுதானதால் அவருடைய முறையை முந்தின நாளுக்கே மாற்றியிருந்தார்கள்; அது தெரியாமல் பழைய நாளிலேயே வந்திருந்தார்கள். மையத்தின் கணினித் திரையில் 'செய்தி அனுப்பப்பட்டது' என்று இருந்தது.

"மெசேஜ் போயிருக்கே சார்?" என்று நர்ஸ் என்னிடம் கேட்டார்.

நான் எதையும் பார்க்காமலே சொன்னேன்: "கடற்கரைப் பக்கம் டவர் சரியா கெடைக்காது. அதான்."

அந்த அம்மா கணவரின் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். "மத்ததெல்லாம் வருது தம்பி. நாங்கதான் பாக்காம விட்டுட்டமோ என்னவோ. கோவிச்சுக்காதீங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பரவாயில்லை என்று தலையாட்டினேன்.

அலுவலகம் திரும்பி, அனுப்பும் சேவை தந்த பதில்களைத் திறந்தேன். அந்த எண்ணை அது ஏற்கவே இல்லை. எண்ணுக்கு முன்னால் 91 வேண்டும். பழைய நோயாளிகளின் எண்கள் 91-ஓடு பதிவாகியிருந்தன. புதிய படிவத்தில் சேர்ந்தவர்களுக்கு வெறும் பத்து இலக்கம். மறுத்த பதிலை என் நிரல் படிக்காமலே 'அனுப்பப்பட்டது' என்று எழுதியிருக்கிறது. என் சோதனையிலும் நான் கொடுத்திருந்தது பத்து இலக்க எண்தான். மாக் அதற்கும் சரி என்றது. அப்படிச் சொல்ல அதற்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த அம்மாவின் கணவரைத் தவிர இன்னும் நான்கு பேருக்குச் செய்தி போகவில்லை. நல்லவேளை, அவர்களை நர்ஸே வேறு விஷயமாகப் போனில் கூப்பிட்டபோது சொல்லியிருந்தார்.

சக ஊழியையின் மேசைக்குப் போய் நின்றேன். சேவையின் மறுப்புப் பதிலை என் மடிக்கணினியில் காட்டினேன். படித்துவிட்டு, "ஃபேக்கை நான் எழுதட்டுமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அவள் குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று மாலைக்குள் எழுதிவிட்டாள். 91 இல்லாத எண்ணை அவளுடைய ஃபேக் மறுத்தது, இன்பாக்ஸ் காலியாக இருந்தது, என் சோதனை சிவப்பானது. ஃபேக் நிஜச் சேவையைப் போலவே நடக்கிறதா என்று அறிய, அதே கேள்விகளைச் சேவையின் சோதனைக் கணக்கிலும் ஓட்டினாள். ஒரே செய்தி இரண்டு தடவை போகிறதா என்று பார்க்க, அழைப்புகளைக் குறித்துக்கொள்ளும் ஒரு ஸ்பை வைத்தாள். மாக்கை ஒரே இடத்தில் விட்டுவைத்தாள்: சேவை மறுத்தால் நர்ஸுக்கு எச்சரிக்கை போயே ஆக வேண்டும் என்ற இடத்தில்; அங்கே கூப்பிட்டோமா என்பதுதான் கேள்வி. நான் பக்கத்தில் உட்கார்ந்து என் நிரலைத் திருத்தினேன்.

அந்த நோயாளிக்கு அன்று மதியம் இயந்திரம் கிடைத்து, சாயங்காலம் ஊர் திரும்பியதாக நர்ஸ் சொன்னார். மறுநாள் மையத்தின் டாக்டரிடம் போய், தவறு எங்களுடையது, டவர் என்று நான் சொன்னது பொய் என்றேன். அவர், "அதை அவங்ககிட்ட சொல்லுங்க," என்றார்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "தப்பு எங்க பக்கம்தான்மா. உங்களுக்கு மெசேஜே வரல," என்றேன்.

"அப்படியா தம்பி. நான் இவரு போனை நோண்டி மெசேஜை அழிச்சுட்டேன்னு நேத்து ராத்திரி பூரா மகன் என்னை வஞ்சுக்கிட்டு இருந்தான். அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா?"

மகனிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டான்.