யோகமலர் மறைத்த ‘அது’

யோகமலருக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். வெம்பிளியில் அவளுடைய தையல்கடைக்குப் பிளவுஸ் தைக்க வருகிற எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். “அளவெடுக்கேக்கை வயித்தை எக்காதேங்கோ. கலியாண வீட்டிலை நாள் முழுக்க எக்கிக்கொண்டு நிக்க ஏலாது” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கோபித்துக்கொண்டு போனவர்களும் அடுத்த கலியாணத்துக்கு அவளிடம்தான் வந்து நின்றார்கள். கை அப்படி.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவளுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. லண்டன் நடுவில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே மொழியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு: முன்பின் தெரியாத மொழியொன்றைப் பேசுகிற ஆளை முன்னால் இருத்தி, கேள்வி கேட்டுக் கேட்டே அந்த மொழியின் இலக்கணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தைப் புரட்டக் கூடாது. அந்த வருடம் தமிழ். பேராசிரியையின் சிநேகிதி ஒருத்தி யோகமலரின் வாடிக்கைக்காரி. “வாயாடுறதுக்கு ஆள் தேவையெண்டால் என்னட்டை இருக்கு” என்று அவள்தான் சொல்லிவிட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமைகளில் கடையைப் புருஷன் பாலசுப்பிரமணியன் பார்த்துக்கொண்டார். “புரபசர் அம்மா வெளிக்கிட்டாச்சோ?” என்று பகிடி பண்ணுவார். “ஓம், வெளிக்கிட்டாச்சு. நீங்கள் பட்டனைத் தையுங்கோ” என்று சொல்லிவிட்டு இவள் ரயில் ஏறுவாள். பெருமையோ பெருமை! ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் தையல் பட்டறையில் வேலை செய்தவள். எந்தச் சொல்லுக்கு ஆண்பால் ‘டேர்’, எதற்குப் பெண்பால் ‘டீ’, எதற்கு இரண்டுமில்லாத ‘டாஸ்’ என்று மாற்றிச் சொல்லி, மேற்பார்வைக்காரியிடம் எத்தனை தரம் சிரிப்பு வாங்கியிருப்பாள். இங்கேயோ அவள் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொல்லையும் ஆறு பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுதினார்கள். அவள் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

ஆறு பேரில் கிளேயர் என்றொரு பெண் தமிழின் திணையை எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரி. முதலில் ‘நல்ல’ என்ற சொல்லைப் பிடித்தாள். நல்ல பெடியன், நல்ல பெட்டை, நல்ல மாடு. எதற்கும் அது மாறவில்லை. அங்கே துப்பில்லை என்று கண்டு வினைச்சொல்லுக்குப் போனாள். பெடியன் வந்தான், பெட்டை வந்தாள், மாடு வந்துது. பிடித்தாள் பார்! ஒரு சொல் எந்த வகுப்பு என்பதை அதன் முகத்தில் தேடாமல், அதோடு ஒத்துப்போகிற வினையின் வாலில் தேடினாள்.

“பெயர்ச்சொல்லின் முடிவைப் பார்த்தா பிரிக்கிறீர்கள்?” என்று அடுத்துக் கேட்டாள். அண்ணனும் ‘ன்’, மீனும் ‘ன்’. ஆனால் அண்ணன் வந்தான், மீன் வந்துது. சூரியனும் உதித்துது. ஆகவே சத்தத்தில் ஒன்றுமில்லை, பொருளில்தான் எல்லாம். மனிதரும் சாமியும் ஒரு பக்கம், மற்றதெல்லாம் ‘அது’. கிளேயரின் முகம் விளக்குப் போட்டது போல மலர்ந்துவிட்டது.

பிறகு அவள் “ஒரு பிள்ளை அழுதால் எப்படிச் சொல்லுவீர்கள்?” என்று கேட்டாள். யோகமலரின் வாயில் வந்தது ‘அழுகுது’. சொன்னதோ “பிள்ளை அழுகிறான்.” ‘அழுகுது’ என்றால் இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ‘இட்’ என்று எழுதுவார்கள். தமிழர் பெற்ற பிள்ளையைச் சாமான் மாதிரிப் பார்க்கிற கூட்டம் என்று நினைத்துவிட்டால்? சனத்தைப் பற்றிக் கேட்டபோதும் “மக்கள் வந்தார்கள்” என்று மேடைப் பேச்சாளர் மாதிரிச் சொல்லி வைத்தாள். இப்படியே நாலு கிழமை. மனிதர் என்றால் விதிவிலக்கே இல்லை என்று கிளேயர் எழுதிக்கொண்டாள். வருகிற புதன்கிழமை அவள் அதை வகுப்பின் முன் வைக்க வேண்டும். வருடக் கடைசியில் அவளுக்குப் போடும் புள்ளியும் அதற்குத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாடிக்கைக்காரி துஷ்யா பிளவுஸ் போட்டுப் பார்க்கக் கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். அவள் திரைக்குப் பின்னால் போக, தள்ளுவண்டியில் கிடந்த மகன் லக்‌ஷன் வீரிட்டான். ஊசியைப் பல்லில் கடித்தபடி யோகமலர் குரல் கொடுத்தாள்: “துஷ்யா, பிள்ளை அழுகுது! பசிக்குது போல. கெதியாய் வந்து அவனைத் தூக்கு!”

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரே மூச்சில் ‘அழுகுது’, ‘அவனை’. இரண்டையும் சொன்னது தன்னுடைய வாய்தான்.

“என்ன அன்ரி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்கள்?” என்றாள் துஷ்யா.

“பேயில்லையடி. நான் ஒரு பெட்டைக்குப் பொய் சொல்லிப்போட்டன்.”

மறுநாள் ரயிலில் அவள் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் “இத்தனை நாள் இந்தத் தையல்காரியை நம்பினோமே” என்று வெளியே அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் கிளேயரின் உழைப்பு பொய்யின் மேல் நிற்கும். அளவு பிழைத்த துணியைத் தெரிந்துகொண்டே ஒருத்திக்குக் கொடுத்து அனுப்புவதா? ச்சீ! அது இவளால் ஏலாது.

கிளேயர் பேச எழுந்தபோது யோகமலரும் எழுந்தாள். “பிள்ளை, நிப்பாட்டும். நான் சொன்னது வீட்டிலை கதைக்கிற தமிழில்லை. வீட்டிலை ‘பிள்ளை அழுகுது’ எண்டுதான் வரும்” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் போட்டு உடைத்தாள். கிளேயரின் முகம் வெளிறியது. பேராசிரியை மெல்ல, “ஏன் மறைத்தீர்கள்?” என்று கேட்டார்.

“பிள்ளையை ‘அது’ எண்டால் நீங்கள் எங்களைக் கீழாய் நினைப்பீங்கள் எண்டு. ஆனால் ஜெர்மன்காரர் பெட்டைப் பிள்ளைக்கு ‘டாஸ்’ போடுகினம். ‘டாஸ் மேற்ஷன்’ எண்டு துவங்கி, கொஞ்சம் தள்ளிப் போனதும் ‘ஸீ’ எண்டு அவளாக்கிவிடுவினம். அவை வெக்கப்படயில்லை. நான் ஏன் வெக்கப்படோணும்?”

பேராசிரியை கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். கிளேயர் தன் தாளைப் புரட்டிவிட்டு வெறும் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். சனத்துக்கு என்ன வரும் என்று கேட்டாள். “சனம் வந்திட்டுது, அவைக்குச் சாப்பாடு குடுக்கோணும்.” யோகமலரின் ஊர்ப் பேச்சில் ‘அவை’ என்றால் ‘அவர்கள்’. அப்படியானால் திருப்பிச் சொல்ல ஏலுமா, சனம் வந்திட்டினம், அதுக்குச் சாப்பாடு? யோகமலர் சிரித்தேவிட்டாள். “ஐயோ, ஒருத்தரும் அப்பிடிச் சொல்ல மாட்டினம்!” கிளேயர் பிள்ளைக்குக் கேட்டாள், சனத்துக்குக் கேட்டாள், மாட்டுக்கும் கேட்டாள். மாடு கடைசிவரை ‘அது’தான். இரண்டு மணித்தியாலம் போனதே தெரியவில்லை.

பேச ஒரு கிழமை தவணை கிடைத்தது. அடுத்த புதன் கிளேயர் சொன்னது இது: தமிழில் வகுப்பைப் பிரிப்பது பொருள்தான். ஆனால் பிள்ளை, சனம் போன்ற சில சொற்களில் அந்த வாக்கியத்து வினை, ஆளோடல்லாமல் சொல்லோடு ஒத்துப்போய் ‘அது’வாகிறது. பின்னால் வருகிற சுட்டுச்சொல் ஆளைப் பார்த்து ‘அவன்’, ‘அவை’ ஆகிறது. பெயர்ச்சொல்லிலிருந்து தள்ளிப் போகப் போகப் பேச்சு சொல்லை விட்டு ஆளைப் பார்க்கிறது, ஜெர்மனில் போலவே. ஆளைப் பார்த்த பிறகு திரும்பி ‘அது’வுக்கு வராது.

பலகையில் முதல் உதாரணமாக “பிள்ளை அழுகுது, அவனைத் தூக்கு” என்று எழுதியிருந்தது. வகுப்பே கைதட்டியது. யோகமலருக்குக் கண் கலங்கியது. தன் கடையில், ஊசியைக் கடித்துக்கொண்டு சொன்ன ஒரு வரிக்கு இவ்வளவு பேர் கைதட்டுகிறார்கள் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

முடிந்ததும் பேராசிரியை ஒரு படிவத்தை நீட்டினார். இந்த வாக்கியங்களைப் பல்கலைக்கழகம் சேமித்து வைக்குமாம், பிறகு வருகிறவர்கள் படிப்பார்களாம். “சொன்னவர் பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்தை மட்டும் போடலாம். பலர் அப்படித்தான் விரும்புவார்கள்.”

யோகமலர் பேனையைத் திறந்தாள்.

“எழுத்தோ? சொன்னது நான். யோகமலர் பாலசுப்பிரமணியன், தையல்காரி, வெம்பிளி. முழுசாய்ப் போடுங்கோ.”